இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே அரை லீற்றர் சொக்லேட் பால்

வணக்கம் நேயர்களே. எங்கள் வன்னியில் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி என்றால், காலை எட்டு மணிக்கு ஓர் ஆட்டம், வென்றால் பின்னேரம் இரண்டு மணிக்கு அடுத்தது. காலையில் பறந்து பறந்து ஓடிய பொடியன், இரண்டாவது ஆட்டத்தின் கடைசிக் கால் மணித்தியாலத்தில் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நிற்பான். நான் பயிற்றுவிக்கும் பொடியளிடம் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அது சோம்பல் இல்லை. தொடைத் தசையில் சேமித்திருந்த கிளைக்கோஜன் என்ற சர்க்கரை காலையிலேயே பெருமளவு கரைந்துவிட்டது.

ஆட்டம் முடிந்த கையோடு தசை சர்க்கரையை வேகமாக உள்ளே இழுக்கும். அடுத்த ஆட்டம் அதே நாளில் என்றால், முதல் சில மணித்தியாலங்களில் ஒவ்வொரு மணிக்கும் உடல் எடையின் கிலோ ஒன்றுக்கு ஒரு கிராம் மாச்சத்து தேவை. 60 கிலோ பொடியனுக்கு 60 கிராம். அதோடு தசை பழுதுபார்க்க ஏறக்குறைய 20 கிராம் புரதம்.

அரை லீற்றர் சொக்லேட் பாலில் மாச்சத்து 50 கிராமுக்கு மேல், புரதம் 16 கிராம் அளவில் இருக்கும். வெறும் பாலில் புரதம் அதேதான், மாச்சத்து 25 கிராம்கூட வராது. விளையாட்டுப் பானத்தில் மாச்சத்து 30 கிராம், உப்பு இருக்கும், புரதம் இல்லை. ஆடிக்கொண்டிருக்கும்போது அதுவோ தண்ணீரோதான் சரி. பால் வயிற்றில் மெதுவாகத்தான் இறங்கும்.

2006இல் அமெரிக்காவின் இண்டியானாவில் ஒன்பது சைக்கிளோட்ட வீரர்களைக் களைக்கவைத்து, நான்கு மணித்தியாலம் ஓய்வு கொடுத்து, மீண்டும் ஓட்டவைத்தார்கள். சொக்லேட் பால் குடித்தபோதும் சாதாரண விளையாட்டுப் பானம் குடித்தபோதும் ஏறக்குறைய ஒரே அளவு நேரம் தாக்குப்பிடித்தார்கள். ஆட்கள் ஒன்பது பேர்தான், பால் துறையின் பணமும் அதில் இருந்தது. ஆகவே பால் வென்றது என்று நான் சொல்லமாட்டேன். விலை கூடிய பானம் இல்லாவிட்டாலும் குறைவில்லை என்பேன்.

கடையில் வாங்கும் சிறிய 180 மில்லிலீற்றர் பைக்கற் ஒன்று போதாது, மூன்று வேண்டும். பைக்கற்றின் பின்புறத்தைப் பாருங்கள். 100 மில்லிலீற்றருக்குப் புரதம் 3 கிராமை எட்டவில்லை என்றால் அது தண்ணீர் கூடிய இனிப்புப் பானம். வீட்டிலேயே செய்யலாம்: கொதித்தாறிய அரை லீற்றர் தண்ணீரில் 60 கிராம் பால்மா, ஆறு தேக்கரண்டி சீனி, ஒரு தேக்கரண்டி கொக்கோ. மைதானத்தில் வைத்தே கலக்குங்கள், காய்ச்சிய பாலை எங்கள் வெயிலில் கொண்டு திரிந்தால் திரிந்துவிடும். கொக்கோ இல்லையா? வெறும் பாலோடு இரண்டு மூன்று கதலிப்பழம் கொடுங்கள், கணக்கு ஒன்றுதான்.

சிலருக்குப் பால் குடித்தால் வயிறு ஊதும், இரையும். பாற்சர்க்கரை செரிக்காததால் வருவது அது. போட்டி நாளில் முதன்முறை கொடுத்துப் பார்க்காதீர்கள், பயிற்சி நாளில் பாருங்கள். ஊதினால் சீனி போட்ட தயிரும் பழமும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். அப்புறம், அடுத்த ஆட்டம் நாளைக்குத்தான் என்றால் இந்தச் சீனி எதுவும் வேண்டாம். சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டு, இரவில் வெறும் பால் ஒரு கோப்பை குடித்துவிட்டுப் படுக்கட்டும்.