மன்னிப்புக் கடிதத்தில் அந்த 18,000 ரூபாய் எங்கே?

நண்பர்களே, கடையிலும் கம்பெனியிலும் கணக்கு எழுதுபவர்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். அதனால் உங்கள் மேஜையிலேயே நடக்கக்கூடிய ஒரு தவறை எடுத்துக்கொள்கிறேன்.

ஏப்ரலில் ஒருவருக்கு ஒரு லட்ச ரூபாய்க்குச் சரக்கு அனுப்புகிறீர்கள். 18 சதவீதம் வரி, 18,000 ரூபாய். பில் போடும்போது, கிட்டத்தட்ட அதே பெயருள்ள வேறொரு வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி எண் ஏறிவிடுகிறது. எண்ணில் ஓர் எழுத்து பிசகியிருந்தால் பெரும்பாலும் போர்ட்டலே பிடித்திருக்கும். இது முழுக்கச் சரியான எண், ஆனால் அடுத்தவருடையது. மே 11க்குள், விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 போய்விடுகிறது. மே 14 அன்று சரக்கு வாங்கியவர், தன் இன்புட் பட்டியலான 2பி-யைத் திறந்தால் உங்கள் பில் அதில் இல்லை. 20ஆம் தேதி வரி கட்டுவதற்கான 3பி போடும்போது, அந்த பில்லின் வரியை அவர் இன்புட்டாகக் கழித்துக்கொள்ள முடியாது, 18,000 ரூபாயைக் கையிலிருந்து கட்ட வேண்டும். போன் வருகிறது. நீங்கள் கடிதம் எழுத உட்காருகிறீர்கள்.

முதலில் கைக்கு வருவது இப்படித்தான் இருக்கும்: “தங்களுக்கு ஏதேனும் சிரமம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம். மாதக்கடைசி வேலைப்பளுவில், புதிதாகச் சேர்ந்த பணியாளரால் தவறு நேர்ந்துவிட்டது. பில் கிடைத்தவுடன் தாங்களும் சரிபார்த்திருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம்.”

சிரமம் ஏற்பட்டிருக்கிறது என்று அவர்தான் போனில் சொல்லிவிட்டாரே, அப்புறம் எதற்கு ‘ஏற்பட்டிருந்தால்’? தவறு தானாக நேர்ந்ததாம், பழி புதுப் பையன் மேல், மீதி வாடிக்கையாளர் மேல். அவரும் பில்லைப் பார்த்திருக்க வேண்டும் என்பது உண்மையாகவே இருக்கட்டும். அதைச் சொல்லும் இடம் இந்தக் கடிதம் அல்ல.

முதலாளி இதைப் படித்துவிட்டு, “இப்படியா எழுதுவது?” என்று சத்தம் போட்டால் கடிதம் அப்படியே மறுபக்கம் சாய்ந்துவிடும்: “மன்னிக்கவே முடியாத தவறு செய்துவிட்டோம். எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. பெரிய மனது பண்ணி எங்களைக் கைவிட்டுவிடாதீர்கள்.” பணிவு போலத் தெரியும். எனக்கு இது முதல் கடிதத்தைவிட மோசமாகப் படுகிறது. படிப்பவர் ‘பரவாயில்லை, விடுங்கள்’ என்று உங்களைத் தேற்ற வேண்டியதாகிறது. பணம் போனது அவருக்கு. இவ்வளவு அழுதவரிடம் இனி எப்படி 18,000 ரூபாயைப் பற்றிக் கேட்பது? இரண்டு கடிதத்திலும் அந்தத் தொகையே இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

திருத்தி எழுதுவோம்:

“ஏப்ரல் பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணுக்குப் பதிலாக, ஒத்த பெயருள்ள வேறொரு வாடிக்கையாளரின் எண்ணைப் போட்டுவிட்டோம். தவறு எங்களுடையது. இதனால் 18,000 ரூபாய் இன்புட் இந்த மாதம் உங்களுக்குக் கிடைக்கவில்லை, அதைக் கையிலிருந்து கட்ட வேண்டிய நிலை வந்திருக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள். மே மாத ஜிஎஸ்டிஆர்-1இல் திருத்தம் போட்டு ஜூன் 11க்குள் தாக்கல் செய்கிறோம். ஜூன் 14 அன்று உங்கள் 2பி-யில் வர வேண்டும். அதுவரை பில் தொகையில் வரிப் பங்கை நிறுத்திவைத்து, மீதியை மட்டும் அனுப்பினால் போதும். அந்த இன்னொரு வாடிக்கையாளரிடமும் இந்த இன்புட்டை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். இனி ஜிஎஸ்டிஆர்-1 போடுமுன், பெயரையும் எண்ணையும் இரண்டாவது ஆள் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பார்.”

‘போட்டுவிட்டோம்’ என்ற வினைக்கு எழுவாய் நாம்தான். பணியாளர் யாராக இருந்தாலும் வாடிக்கையாளருக்கு அது நம் கம்பெனி. மன்னிப்பு ஒரே முறை வருகிறது, அதுவும் நஷ்டத்தைச் சொன்ன பிறகு. எதற்காகக் கேட்கிறோம் என்று அப்போதுதான் அவருக்குத் தெரியும்.

காரணம் சொல்லலாமா என்று பலர் கேட்பதுண்டு. தாராளமாகச் சொல்லலாம், அது படிப்பவருக்குப் பயன்பட்டால். ‘ஒத்த பெயர்’ என்றதும் பில் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று அவர் கணக்காளருக்கு விளங்கிவிடும். ‘வேலைப்பளு’ என்பதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? அந்த வரியை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள், அவருக்கு எதுவும் குறையாது.

‘இனி ஒருபோதும் நடக்காது’ என்றும் நான் எழுதவில்லை. நூற்றுக்கணக்கில் பில் போடும் இடத்தில் அது யாராலும் காப்பாற்ற முடியாத வாக்கு. இரண்டாவது ஆள் பார்ப்பார் என்பது நடக்கிறதா இல்லையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வரிப் பங்கை நிறுத்திவைக்கச் சொல்வதை மட்டும் முதலாளியிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். அவர் சம்மதிக்காவிட்டால் அந்த வாக்கியம் வேண்டாம். தேதிகளும் நஷ்டக் கணக்கும் மட்டும் இருந்தாலே கடிதம் நிற்கும்.

அப்புறம், ஜூன் 14 அன்று போனை நீங்களே எடுங்கள். “2பி-யில் பில் வந்திருக்கிறதா, கொஞ்சம் பார்த்துச் சொல்கிறீர்களா?” என்று கேளுங்கள். வரவில்லை என்றால் ஏன் என்று அன்றைக்கே பார்த்துச் சொல்லுங்கள். வந்திருந்தால், நிறுத்திவைத்த பணத்தை அனுப்பலாம் என்று மட்டும் சொல்லுங்கள். மறுபடி மன்னிப்புக் கேட்க வேண்டாம்.