பிரியாவிடையில் பேச நேரம் கிடைக்காத நூலகப் பேச்சு

எல்லோருக்கும் வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தது, பிரியாவிடையும் முடிந்தது. மேடையில் ஆளுக்கு இரண்டு நிமிடம்தான் கொடுத்தார்கள், அதில் ஆசிரியர்கள் பெயரைச் சொல்லி நன்றி சொல்லவே சரியாக இருந்தது. நூலகத்தைப் பற்றி எழுதி வைத்திருந்த காகிதம் பாக்கெட்டிலேயே இருந்துவிட்டது. அதை இங்கே பேசிவிடுகிறேன். ஜூனியர்கள், குறிப்பாக ஒன்பதாவது, பதினொன்றாவது படிக்கிறவர்கள் கேளுங்கள். பத்தாவதும் பன்னிரண்டாவதும் பொதுத்தேர்வு முடித்துவிட்டு வாருங்கள், பரவாயில்லை.

நம் பள்ளி நூலகம் என்றால் சிலருக்கு எங்கே என்றே தெரியாது. ஆய்வகத்தை ஒட்டிய அறை, உள்ளே இரும்பு பீரோக்கள், ஒரு நீள மேசை. பீரோ எப்போதும் பூட்டித்தான் இருக்கும். அதைப் பார்த்து "நமக்குத் தர மாட்டார்கள்" என்று நினைத்துப் பாதிப் பேர் திரும்பிவிடுகிறார்கள். பூட்டுக்குக் காரணம் நாம் இல்லை. ஒவ்வொரு புத்தகத்துக்கும் இருப்புப் பதிவேட்டில் ஓர் எண் உண்டு, அதே எண்ணைப் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் முத்திரைக்குள் எழுதியிருப்பார்கள். முதல் பக்கம் கிழிந்து போனாலும் அடையாளம் தெரிய வேண்டும் என்று உள்ளே வேறொரு பக்கத்திலும் ஒரு முத்திரை இருக்கும், தேடிப் பாருங்கள். பொறுப்பு ஆசிரியர் மாற்றலாகிப் போகும்போது அந்தப் பதிவேட்டை வைத்து ஒவ்வொன்றாக எண்ணி ஒப்படைக்க வேண்டும், குறைந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் அந்தச் சாவிக்கொத்தை இடுப்பிலேயே வைத்திருப்பார்கள். வழங்கல் நோட்டில் பெயர், வகுப்பு, புத்தக எண், தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். கேட்பதற்கு ஆள் வரவில்லையே என்பதுதான் எங்கள் தமிழம்மாவின் வருத்தம்.

ஒரு சின்னத் தகவல். இந்தியாவில் நூலகவியலின் தந்தை என்று சொல்கிற எஸ். ஆர். ரங்கநாதன் நம் சீர்காழிக்காரர், முதலில் கணக்கு வாத்தியார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார், முதல் விதியே "நூல்கள் பயன்படுத்துவதற்கே" என்பதுதான். பீரோவுக்குள் பத்திரமாக இருக்கிற புத்தகத்தை அவர் புத்தகக் கணக்கிலேயே சேர்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

சரி, புத்தகங்கள். மூன்றே மூன்று சொல்கிறேன், மூன்றுமே நம் பீரோவில் இருக்கின்றன.

முதலாவது சி. சு. செல்லப்பாவின் வாடிவாசல். பாடப்புத்தகம் தவிர எதையும் முழுசாகப் படித்ததே இல்லை என்கிறவர்களுக்கு இது. ஒல்லியான புத்தகம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் முடிந்துவிடும். கதையே ஒரு நாள் ஜல்லிக்கட்டுதான். பிச்சி என்கிற இளைஞன் தன் மச்சான் மருதனோடு வருகிறான், ஜமீன்தாரின் காரி என்கிற காளைக்காகக் காத்திருக்கிறான். அவன் அப்பாவைக் கொன்ற காளை அது. இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவதால் கதையைக் கெடுத்துவிட்டேன் என்று திட்டாதீர்கள், கதை அதற்கு மேல்தான் இருக்கிறது. கூட்டத்தில் ஒரு கிழவன் பழைய மாடுகளைப் பற்றி வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பான், அவன் பேச்சைத் தாண்டிப் போய்விடாதீர்கள், காரி யார் என்று நமக்குத் தெரிவதே அந்தப் பேச்சில்தான். மதுரைப் பக்கத்துப் பேச்சுவழக்கு முதல் சில பக்கங்கள் தடுக்கும். சத்தமாகப் படியுங்கள், தானாகப் புரிந்துவிடும். நான் மாடியில் தனியாக உட்கார்ந்து சத்தமாகப் படித்ததைப் பார்த்து அம்மா கீழே இருந்து "யாரோடடி சண்டை போடுகிறாய்" என்று கேட்டார்.

இரண்டாவது டோட்டோ சான், ஜன்னலில் ஒரு சிறுமி. ஜப்பானில் டெட்சுகோ குரோயாநாகி எழுதியது, 1981இல் வந்தது, தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் போட்டிருக்கிறார்கள். ஒன்றாம் வகுப்பிலேயே பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட ஒரு பெண், அவளைச் சேர்த்துக்கொள்ளும் டோமோயே என்கிற பள்ளி. பழைய ரயில் பெட்டிகள்தான் வகுப்பறை. முதல் நாளே தலைமையாசிரியர் கோபயாஷி அவளை உட்கார வைத்து, "உனக்குத் தோன்றுவதையெல்லாம் சொல்" என்று நான்கு மணி நேரம் கேட்கிறார். எல்லோரும் இந்த இடத்தைத்தான் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது வேறு இடம். ஒரு நாள் ராத்திரி இன்னொரு ரயில் பெட்டி பள்ளிக்கு வருகிறது, அது எப்படி வரும் என்று பார்க்கப் பிள்ளைகள் பள்ளியிலேயே தங்குகிறார்கள். அந்தப் பெட்டிதான் நூலகம். இந்த வகுப்புக்கு இந்தப் புத்தகம் என்று கிடையாது, பிடித்ததை எடுங்கள், வீட்டுக்கும் கொண்டு போகலாம், படித்ததும் திருப்பி வையுங்கள் என்று சொல்லிவிடுகிறார் தலைமையாசிரியர். ஏழாம் வகுப்பில் நான் இதைக் கேட்டபோது "இது குழந்தைகள் புத்தகம், பெரிய பெண் உனக்கெதற்கு" என்று ஒரு அண்ணன் சொன்னார். பதினேழு வயதில் மறுபடி படித்தபோது யாசுவாகி என்கிற பையன் வரும் பக்கங்களில் அழுதுவிட்டேன். போலியோ வந்த பையன், அவளுக்கு ஒரு புத்தகம் இரவல் கொடுப்பான். அதற்கு மேல் சொல்ல மாட்டேன். அந்தப் பள்ளி 1945இல் குண்டுவீச்சில் எரிந்துபோனது, இது கற்பனைக் கதை இல்லை.

மூன்றாவது பெரிய புத்தகம், பார்த்தாலே பயம் வரும். உ. வே. சாமிநாதையரின் என் சரித்திரம். 1940இலிருந்து ஆனந்த விகடனில் தொடராக வந்தது, 1942இல் அவர் காலமானதால் முடியாமலே நின்றது. இதை முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். ஊர்ப் பெயர், உறவுமுறை என்று போகும், பதினொன்றாம் வகுப்புப் பொறுமைக்கு அது தாங்காது. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கும் இடத்தைத் திறந்து படியுங்கள். அப்போது உ.வே.சா. கல்லூரியில் தமிழாசிரியர். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, இதெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்று கேட்டுவிடுகிறார். சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று அடுத்த கேள்வி. இல்லை. அத்தனை படித்தவருக்கே அவை கைக்குக் கிடைக்காத நூல்களாக இருந்த காலம். அங்கிருந்து அவர் சிந்தாமணியின் பின்னால் அலைவது கதை போலப் போகும். சந்தேகம் கேட்க ஒரு சமணர் வீட்டுக்குப் போனால் வாசலில் மாவிலைத் தோரணம் கட்டியிருக்கும். என்ன விசேஷம் என்று கேட்டால், சிந்தாமணி படித்து வந்தோம், இன்று பூர்த்தி என்பார்கள். ஊரெல்லாம் தேடுகிறவருக்கு அந்த நேரம் எப்படி இருந்திருக்கும்! 1887இல் அச்சில் கொண்டு வருகிறார். அப்புறம் பின்னோக்கிப் போய், குரு மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்த பகுதிகளைப் படியுங்கள், முதல் பக்கத்துக்குத் தானாக வந்துவிடுவீர்கள்.

இந்தப் புத்தகத்தை யாராவது எடுத்துக்கொண்டு போயிருந்தால் காத்திருக்க வேண்டாம், தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றி வைக்கும் மதுரைத் திட்டத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் போனில் இத்தனை பக்கம் படிப்பது கண்ணுக்குக் கஷ்டம், முதலில் நோட்டில் பெயர் எழுதிவிட்டுக் கேளுங்கள்.

தமிழம்மாவுக்கு நன்றி, பீரோ மேல் ஏறித் தூசி தட்டிக் கொடுத்த அலுவலக உதவியாளர் அண்ணனுக்கும் நன்றி. டி.சி. வாங்க நாளை போகிறேன், அதற்கு நூலகக் கையெழுத்தும் வேண்டும். மேலே சொன்ன மூன்றும் என்னிடம் இல்லை, எல்லாம் இரண்டாவது பீரோவில், நடுத்தட்டில் இருக்கின்றன.