W-8BEN கேட்டால் பயப்பட வேண்டுமா? வரி விவரமும் வங்கிக் கணக்கும் நிரப்பும் முறை

கேள்வி: "ஒரு ஃப்ரீலான்ஸ் பிளாட்ஃபார்ம் மூலம் வெளிநாட்டு கிளையன்ட்டுகளுக்கு லோகோ, பேனர் டிசைன் செய்து கொடுக்கிறேன். முதல் பணத்தை எடுக்கப் போனால் W-8BEN என்று ஒரு படிவம் வந்து நிற்கிறது. எனக்கு அமெரிக்காவில் வரி எண் எதுவும் கிடையாது. இதில் கையெழுத்துப் போட்டால் அங்கே வரி கட்ட வேண்டி வருமா? வங்கிக் கணக்கில் என் பெயர் வெறும் இனிஷியலோடு இருக்கிறது, பணம் வருமா?"

முதலில் அந்தப் பயத்தைப் போக்கிவிடுகிறேன். நீங்கள் கையெழுத்துப் போடுவது வரி கட்ட ஒப்புக்கொள்வதற்காக இல்லை. "நான் அமெரிக்கக் குடிமகனோ, வரி விஷயத்தில் அந்த நாட்டுக்காரராகக் கருதப்படுபவரோ இல்லை" என்று உறுதி சொல்வதற்காகத்தான். அமெரிக்க நிறுவனம் நடத்தும் பிளாட்ஃபார்ம் உங்களுக்குப் பணம் தரும்போது, நீங்கள் யார் என்பதற்கு அதன் கையில் ஒரு எழுத்துச் சான்று இருக்க வேண்டும். அந்தப் படிவத்தை நீங்கள் அமெரிக்க வரித்துறைக்கு அனுப்பத் தேவையில்லை. பணம் தருகிறவரிடம் கொடுத்தால் போதும், அவர்கள் கோப்பில் வைத்துக்கொள்வார்கள்.

அப்படியானால் 30 சதவீதம் பிடிப்பார்கள் என்று சொல்கிறார்களே, அது என்ன? அது அமெரிக்காவில் உருவாகும் வருமானத்துக்கு. சேவை வேலையைப் பொறுத்தவரை, கிளையன்ட் எங்கே இருக்கிறார் என்பதை அந்தச் சட்டம் பார்ப்பதில்லை, நீங்கள் எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள் என்பதைத்தான் பார்க்கிறது. உங்கள் வீட்டு மேசையில் செய்த லோகோவுக்கு நியூயார்க் கிளையன்ட் பணம் கொடுத்தாலும், அது அமெரிக்காவுக்கு வெளியே உருவான வருமானம். அங்கே பிடித்தம் கிடையாது. நீங்கள் வரி கட்ட வேண்டியது நீங்கள் வசிக்கும் நாட்டில். அந்தக் கணக்கைப் பிளாட்ஃபார்ம் உங்களுக்காகப் பார்க்காது. அதனால் ஒவ்வொரு மாத ஸ்டேட்மென்டையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் டிசைன் செய்கிறவர் என்பதால் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். கிளையன்ட் கேட்டதைச் செய்து கொடுத்தால் அது சேவை. நீங்களே ஒரு டெம்ப்ளேட் செய்து, பலருக்கும் உரிமம் கொடுத்து விற்றால், அது ராயல்டி ஆகலாம். ராயல்டிக்கு விதி வேறு. நீங்கள் எங்கே உட்கார்ந்து செய்தீர்கள் என்பதைப் பார்க்க மாட்டார்கள், அந்தப் படைப்பு எங்கே பயன்படுகிறது என்பதைப் பார்ப்பார்கள். அமெரிக்காவில் பயன்பட்டால் அந்த 30 சதவீதம் உண்மையிலேயே வரும். உங்கள் நாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் வரி ஒப்பந்தம் இருந்தால் அந்த விகிதம் குறையலாம். படிவத்தின் இரண்டாம் பகுதி அந்தச் சலுகையைக் கேட்பதற்குத்தான். உங்களைப் போல சேவை மட்டும் செய்கிறவருக்கு அங்கே கேட்க எதுவும் இல்லை, காலியாக விடலாம்.

சரி, இப்போது நிரப்புவோம். முதல் வரியில் பெயர். அரசு அடையாள அட்டையில் இருக்கிற மாதிரியே முழுப்பெயர். புரொஃபைலில் வைத்திருக்கும் ஸ்டூடியோ பெயரை இங்கே போடாதீர்கள். தனி நபராக இல்லாமல் பதிவு செய்த நிறுவனமாக வேலை செய்தால் படிவமே வேறு, அதற்கு W-8BEN-E. மூன்றாம் வரியில் நிரந்தர முகவரி. நீங்கள் உண்மையில் வசிக்கிற இடம் வேண்டும், தபால் பெட்டி எண்ணை ஏற்க மாட்டார்கள். கடிதம் வேறு இடத்துக்கு வர வேண்டுமானால் அதற்கு நான்காம் வரி இருக்கிறது.

நீங்கள் தடுமாறிய இடம் ஐந்தாம் வரியாக இருக்கும். அது அமெரிக்க வரி எண்ணுக்கான இடம். உங்களுக்கு இல்லை என்றால் காலியாக விடுங்கள், இந்த வேலைக்காகப் போய் விண்ணப்பிக்கத் தேவையில்லை. அடுத்து வரும் 6a வரியில்தான் உங்கள் சொந்த நாடு கொடுத்த வரி எண் வர வேண்டும். இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு, "எண் தவறு என்று வருகிறது" என்று கேட்கிறவர்கள் நிறைய. எட்டாம் வரியில் பிறந்த தேதி, அமெரிக்க வழக்கப்படி மாதம் முதலில் வரும். ஆகஸ்ட் 5 என்றால் 08-05 என்று எழுத வேண்டும். நாம் பழக்கத்தில் 05-08 என்று எழுதினால் அது மே 8 ஆகிவிடும். ஸ்கிரீன் எந்தப் பிழையும் காட்டாது, ஆனால் அடையாளச் சோதனையில் தேதி ஒத்துப்போகாமல் நிற்கும்.

இதே பக்கத்தில் சில பிளாட்ஃபார்ம்கள் VAT அல்லது GST எண் என்று ஒரு கட்டம் வைத்திருக்கும். அது வேறு விஷயம். பிளாட்ஃபார்ம் உங்களிடம் வாங்கும் கட்டணத்துக்கு வரி போடுவது சம்பந்தமானது. அந்தப் பதிவு உங்களுக்கு இருந்தால் மட்டும் எண்ணைப் போடுங்கள். காலியாக இருக்கிறதே என்று சொந்த வருமான வரி எண்ணை அங்கே தட்டி வைக்க வேண்டாம்.

இனி பெயர் விஷயம். ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். அடையாள அட்டையில் இப்படி இருக்கிறது:

```
MEENA KUMARESAN
```

வங்கியில் இப்படி இருக்கிறது:

```
K MEENA
```

மனிதர் பார்த்தால் ஒரே ஆள் என்று தெரியும். ஆனால் இதை ஒப்பிடுவது பெரும்பாலும் மென்பொருள். சில வங்கிகள் விட்டுவிடும், சில திருப்பி அனுப்பிவிடும். அப்படித் திரும்பி வந்தால் சில நாட்கள் போய்விடும், இடையில் உள்ள வங்கிக் கட்டணமும் போகலாம். இதைச் சரிசெய்ய வரிப் படிவத்தில் பெயரைச் சுருக்காதீர்கள். அது அடையாள அட்டையோடு முரண்படும், அப்போது சிக்கல் இரண்டு இடத்தில் ஆகிவிடும். மாற்ற வேண்டியது வங்கியில்தான். அடையாள அட்டையோடு போய் இனிஷியலை விரித்து எழுதச் சொல்லிக் கேளுங்கள். அது முடிந்த பிறகு பிளாட்ஃபார்மில் கணக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு அண்ணன் கணக்கு, அம்மா கணக்கு என்று கொடுக்கவே கூடாது. பணம் உங்கள் பெயரில் உள்ள கணக்குக்குத்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் புரொஃபைலையே முடக்கிவிடலாம்.

வங்கிக் கணக்கைச் சேர்க்கும்போது ஸ்விஃப்ட் கோடு கேட்பார்கள், வெளிநாட்டுப் பணம் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று காட்டும் அடையாளம் அது. அது 8 அல்லது 11 எழுத்துகளில் இருக்கும். முதல் நான்கு வங்கி, அடுத்த இரண்டு நாடு, அடுத்த இரண்டு இடம், கடைசி மூன்று இருந்தால் அது கிளை. ஐந்தாவது, ஆறாவது எழுத்து உங்கள் நாட்டைக் காட்டவில்லை என்றால் தவறான ஸ்விஃப்ட் கோடு எடுத்திருக்கிறீர்கள். சேமிக்கும்போதே பிழை காட்டினால் எழுத்து எண்ணிக்கையைச் சரிபாருங்கள். சேமித்து, பணமும் கிளம்பி, சில நாள் கழித்துத் திரும்பி வந்தால் பெயரையும் கணக்கு எண்ணையும் பாருங்கள். புதிதாகச் சேர்த்த கணக்கைப் பாதுகாப்புக்காகச் சில நாள் நிறுத்தி வைப்பதும் உண்டு, அதைப் பிழை என்று நினைத்து அழித்துவிட்டு மறுபடி சேர்த்தால் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும்.

படிவத்தில் கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பிறகு வரும் மூன்றாவது ஆண்டின் கடைசி நாள் வரை அது செல்லும். 2025-இல் எந்த மாதம் கையெழுத்திட்டாலும் 2028 டிசம்பர் 31 வரை. நடுவில் வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்தாலோ அமெரிக்கக் குடியுரிமை பெற்றாலோ 30 நாளுக்குள் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவுக்குப் போய் அங்கே உட்கார்ந்து வேலை செய்தால், அந்த நாட்களில் சம்பாதித்தது அமெரிக்க வருமானமாகிவிடும். அப்படி ஒரு பயணம் இருந்தால் கிளம்புவதற்கு முன்பே ஒரு வரி ஆலோசகரிடம் கேட்டுவிடுங்கள்.