புது ரவுட்டர் மாட்டியதும் பாதி போனில் மட்டும் நெட் வருகிறதா?

[காட்சி: கானாடுகாத்தான் வீட்டு முகப்பு. சுவரில் ஃபைபர் பெட்டி, கீழே புது ரவுட்டர்.]

இது என் அப்பத்தா வீடு. சுவர் தடிமன் என்பதால் முகப்பில் இருக்கும் வைஃபை பின்கட்டுக்கு எட்டாது. அதனால் வளவைத் தாண்டி அடுப்படி வரை ஒரு கேபிள் இழுத்து, அங்கே இன்னொரு வைஃபை பெட்டி வைத்திருக்கிறோம். போன வாரம் ரவுட்டரை மாற்றினோம். அன்று மாலையே அப்பத்தா, "ஏப்பா, உன் போன்ல வருது, என் போன்ல வரலையே" என்றார். அடுப்படியில் சுத்தமாக நெட் இல்லை.

[காட்சி: ரவுட்டரின் பின்பக்கம், அருகில்.]

இங்கே பாருங்கள். நான்கு துளைகள் வரிசையாக இருக்கின்றன, ஒன்று மட்டும் சற்றுத் தள்ளி இருக்கிறது. அதில் WAN என்றோ, உலக உருண்டைப் படமோ இருக்கும். அதுதான் இன்டர்நெட் போர்ட். வரிசையாக இருக்கும் நான்கும் லேன் போர்ட்டுகள், வீட்டுக்குள் போகும் கேபிள்களுக்கு. பெரும்பாலும் நிறமும் வேறாக இருக்கும், ஆனால் எந்த நிறம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எழுத்தை மட்டும் நம்புங்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு கேபிளும் ஒரே சாம்பல் நிறம். ஃபைபர் பெட்டியின் கேபிள் லேன் போர்ட்டிலும், அடுப்படி கேபிள் இன்டர்நெட் போர்ட்டிலும் மாறிப் போயிருந்தன.

அப்படியானால் என் போனில் மட்டும் எப்படி வந்தது? லேன் போர்ட்டுகள் எல்லாம் ஒரே கூடம் மாதிரி. ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் அந்தக் கூடத்திலேயே நின்று, வருகிற போன்களுக்கு முகவரி கொடுத்தன. எது முந்துகிறதோ அதன் முகவரி. வைஃபை விவரத்தில் பார்த்தேன். அதில் கேட்வே என்று இருப்பது, போன் எந்தப் பெட்டி வழியாக நெட்டுக்குப் போகிறது என்பதைக் காட்டும். என் போனில் கேட்வே 192.168.1.1, அது ஃபைபர் பெட்டி, நெட் வந்தது. அப்பத்தா போனில் 192.168.0.1, அது புது ரவுட்டர். அதற்கே நெட் வராதபோது அது எங்கிருந்து கொடுக்கும்?

[காட்சி: ஃபைபர் பெட்டியில் கேபிளை உருவும் கை.]

எந்தக் கேபிள் எது என்று தெரியவில்லையா? ஃபைபர் பெட்டிப் பக்கம் ரவுட்டர் கேபிளை உருவுங்கள். ரவுட்டரில் எந்த போர்ட்டின் விளக்கு அணைகிறதோ, அதில் இருப்பதுதான் அந்தக் கேபிள். மெல்லிய ஃபைபர் வயரை மட்டும் தொடாதீர்கள், மடங்கினால் உடைந்துவிடும்.

அந்தக் கேபிளை இன்டர்நெட் போர்ட்டுக்கு மாற்றுங்கள். அடுப்படி கேபிள் எந்த லேன் போர்ட்டிலும் இருக்கலாம். அப்புறம் இரண்டு பெட்டியையும் அணைத்து, முதலில் ஃபைபர் பெட்டியைப் போடுங்கள். அதன் விளக்குகள் நிலைத்த பிறகு ரவுட்டர். போன்களில் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடுங்கள், பழைய முகவரி போக வேண்டும். இப்போது எல்லாப் போனிலும் கேட்வே 192.168.0.1 என்று ஒன்றாகவே வரும்.

கேபிள் சரியாக இருந்தும் இன்டர்நெட் விளக்கு சிவப்பாகவே நின்றால், உங்கள் இணைப்புக்கு யூசர்நேமும் பாஸ்வேர்டும் தேவைப்படலாம். அதை இணைப்பு தந்தவரிடம் வாங்கி ரவுட்டரில் போட வேண்டும், கேபிளை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பயன் இல்லை.