கஞ்சா சிலரை ஏன் நடுங்க வைக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். நான் ஒரு மனநல மருத்துவர். என்னிடம் வருபவர்களில் கணிசமானோர் சொல்லும் ஒரு கதையோடு ஆரம்பிக்கிறேன், ஆளும் அடையாளமும் மாற்றித்தான் சொல்கிறேன்.

27 வயது இளைஞர். வாரக் கடைசியில் நண்பர்களோடு உட்கார்ந்து கஞ்சா கலந்த பிஸ்கட் சாப்பிட்டிருக்கிறார். ஒரு பிஸ்கட்டில் 10 மில்லிகிராம் டிஹெச்சி, அதாவது கஞ்சாவில் போதை தரும் பொருள். முக்கால் மணி நேரம் ஆகியும் ஒன்றும் தெரியவில்லை. "இது வேலை செய்யாது போல" என்று இன்னொன்றை எடுத்துச் சாப்பிட்டுவிட்டார். அடுத்த ஒரு மணி நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது, கை ஜில்லிட்டது, பக்கத்து அறையில் இரண்டு நண்பர்கள் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தது தன்னைப் பற்றித்தான் என்று உறுதியாகத் தோன்றியது. கதவைத் தாழ்போட்டுக்கொண்டு குளியலறையில் உட்கார்ந்துவிட்டார். கஞ்சாவிலேயே சிபிடி என்று போதை தராத இன்னொரு பொருளும் உண்டு. நண்பர் ஒருவர் நல்ல மனதோடு அந்த சிபிடி எண்ணெயைக் கொண்டுவந்து, "இதை நாக்குக்கு அடியில் விடு, டிஹெச்சியை இது முறிச்சிடும்" என்று சொட்டுச் சொட்டாக ஊற்றியிருக்கிறார். முறியவில்லை. விடிகிற வரை பயம் நீடித்தது.

"சிபிடி எடுத்தும் ஏன் டாக்டர் அடங்கவில்லை?" இதுதான் அவர் என்னிடம் முதலில் கேட்ட கேள்வி. இன்று நான் பேசப்போவது இதற்கான பதிலைத்தான்.

முதலில் பயம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நம் மூளையே கஞ்சாவைப் போன்ற ஒரு பொருளைச் சுரக்கிறது. 1992-இல் அதைக் கண்டுபிடித்தவர்கள் 'ஆனந்தம்' என்ற சொல்லையே எடுத்து அதற்கு ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். இந்த ஆனந்தமைடு தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் நேரத்தில், கொஞ்சமாகச் சுரந்து, வேலை முடிந்ததும் உடனே சிதைந்துவிடும். அது போய் ஒட்டிக்கொள்ளும் இடத்துக்கு சிபி-1 ஏற்பி என்று பெயர். டிஹெச்சியும் அதே ஏற்பியில்தான் போய் உட்காருகிறது, ஆனால் இடம் நேரம் பார்க்காமல் மூளை முழுக்கப் பரவி, மணிக்கணக்கில் அங்கேயே இருக்கிறது.

பயத்தைக் கையாளும் அமிக்டலா என்ற பகுதியில் இந்த ஏற்பிகள் நிறைய உண்டு. அங்கே நரம்பைத் தூண்டிவிடும் செல்களும் இருக்கின்றன, அடக்கி வைக்கும் செல்களும் இருக்கின்றன. ஒன்றை ஆக்சிலேட்டர் என்றும் மற்றதை பிரேக் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். சிபி-1 ஏற்பி இரண்டிலுமே இருக்கிறது, எதில் தூண்டப்பட்டாலும் அந்தச் செல்லின் குரலைத் தாழ்த்துவதுதான் அதன் வேலை. எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டுவது என்னவென்றால், அளவு குறைவாக இருக்கும்போது ஆக்சிலேட்டர் தணிவதால் பயம் குறைகிறது, அளவு கூடும்போது பிரேக் தளர்ந்து பயம் ஏறுகிறது. அதாவது ஒரே பொருள், ஒரே மூளை, அளவு மட்டும் மாறினால் விளைவு தலைகீழ்.

மனிதர்களில் அந்த எல்லை எவ்வளவு நெருக்கமானது என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். 2017-இல் சிகாகோவில் எப்போதாவது மட்டும் கஞ்சா பயன்படுத்தும் 42 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. மாத்திரையாக டிஹெச்சியைக் கொடுத்து, அந்நியர்கள் முன்னால் நின்று பேசவும் மனக்கணக்குப் போடவும் வைத்தார்கள். 7.5 மில்லிகிராம் எடுத்தவர்களுக்குப் பதற்றம் குறைந்தது. 12.5 மில்லிகிராம் எடுத்தவர்களுக்குப் பேச ஆரம்பிக்கும் முன்பே மனநிலை மோசமானது. நடுவில் இருப்பது வெறும் 5 மில்லிகிராம், நம் இளைஞரின் பிஸ்கட்டில் பாதி.

சரி, பதற்றம் புரிகிறது, ஆனால் "என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள்" என்ற சந்தேகம் எப்படி வருகிறது? இதை 2015-இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த டேனியல் ஃப்ரீமன் குழு அழகாகப் பிரித்துக் காட்டியது. முன்பே கஞ்சா பயன்படுத்தியிருந்த 121 பேரில் சிலருக்கு ஊசி மூலம் டிஹெச்சியும் மற்றவர்களுக்கு வெறும் ஊசியும் போட்டார்கள். வெறும் ஊசி போட்டவர்களிலேயே 30 சதவீதம் பேருக்குச் சந்தேக எண்ணங்கள் வந்தன, டிஹெச்சி போட்டவர்களில் 50 சதவீதம் பேருக்கு வந்தன. காரணத்தைத் தோண்டிப் பார்த்தபோது ஞாபக சக்தி குழம்புவது அதற்குக் காரணமாக இல்லை. இரண்டு விஷயங்கள்தான் சந்தேகத்தை உண்டாக்கின: ஒன்று, கவலையும் தன்னைப் பற்றிய தாழ்வான நினைப்பும் கூடுவது. இன்னொன்று, ஒலி வழக்கத்தைவிடப் பெரிதாகக் கேட்பது, நேரம் நகராதது போன்ற விநோத உணர்வுகள். பக்கத்து அறைப் பேச்சு கூர்மையாகக் காதில் விழுகிறது, மனம் ஏற்கெனவே பயந்திருக்கிறது, அந்த இரண்டையும் சேர்த்து மூளை ஒரு விளக்கம் தேடுகிறது, கிடைக்கும் விளக்கம் "எனக்கு எதிராக ஏதோ நடக்கிறது". கூடவே டிஹெச்சி இதயத் துடிப்பையும் வேகமாக்குகிறது. துடிப்பை உணர்ந்து பயப்படுகிறார், பயத்தில் துடிப்பு இன்னும் கூடுகிறது.

இப்போது சிபிடிக்கு வருகிறேன். சிபிடி இதைச் சமன்படுத்தும் என்ற நம்பிக்கை காற்றில் இருந்து வந்ததல்ல. 1982-இல் பிரேசிலில் 8 பேரிடம் நடந்த ஆய்வில், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு அரை மில்லிகிராம் டிஹெச்சியோடு 1 மில்லிகிராம் சிபிடியும் சேர்த்துக் கொடுத்தபோது பதற்றம் குறைந்தது. 2013-இல் லண்டனில் முன்கூட்டியே 600 மில்லிகிராம் சிபிடி கொடுத்துவிட்டு, அப்புறம் ஊசியில் டிஹெச்சி ஏற்றினார்கள், அதிலும் சந்தேக எண்ணங்கள் குறைந்தன. சிபிடி அந்த ஏற்பியின் வடிவத்தை லேசாக மாற்றி டிஹெச்சியின் பிடியைத் தளர்த்துவதாக ஆய்வகச் சோதனைகளும் காட்டுகின்றன.

ஆனால் கதை அதோடு முடியவில்லை, பலர் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். மக்கள் நிஜத்தில் பயன்படுத்தும் விகிதங்களை வைத்து லண்டன் ஆய்வாளர்கள் 2022-இல் திரும்பிப் பார்த்தார்கள். 46 பேர், ஒவ்வொரு தடவையும் ஆவியாக உள்ளிழுத்த டிஹெச்சி 10 மில்லிகிராம், அதோடு சிபிடி 0, 10, 20, 30 மில்லிகிராம் என்று நான்கு தடவை. சிபிடி மூன்று மடங்கு இருந்தபோதும் பாதுகாப்பு கிடைக்கவில்லை.

அடுத்தது இன்னும் முக்கியம். 2023-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் பிரவுனியில் 20 மில்லிகிராம் டிஹெச்சியோடு 640 மில்லிகிராம் சிபிடி கலந்து கொடுத்தார்கள். ரத்தத்தில் டிஹெச்சி குறையவில்லை, நன்றாகவே கூடியது. பதற்றமும் கூடியது. காரணம் கல்லீரலில் இருக்கிறது. சாப்பிட்ட டிஹெச்சியைச் சிதைத்து வெளியேற்றும் அதே நொதிகளை சிபிடி தடுத்துவிடுகிறது. டிஹெச்சி போகும் வாசலில் சிபிடி வழிமறித்து நிற்கிறது என்று சொல்லலாம். புகைக்கும்போது இது பெரிதாகத் தெரியாது, ஏனென்றால் நுரையீரல் வழியாகப் போவது முதலில் கல்லீரலைத் தொடுவதில்லை. சாப்பிடும்போதுதான் சிக்கல்.

நம் இளைஞருக்கு ஊற்றிய சில சொட்டு எண்ணெயில் 640 மில்லிகிராம் இருந்திருக்க வாய்ப்பில்லை, அதனால் அது அவரை மோசமாக்கியது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இன்னொன்றைக் கவனியுங்கள், நான் சொன்ன ஆய்வுகள் எல்லாவற்றிலும் சிபிடியை முன்பாகவோ கூடவேயோ கொடுத்தார்கள். டிஹெச்சி ஏற்கெனவே ஏற்பியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆன பிறகு ஊற்றினால் முறிவு மருந்து மாதிரி வேலை செய்யும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

"அப்படியென்றால் சிபிடி அதிகமுள்ள ரகம் எனக்கு நிஜமாகவே ஒத்துக்கொள்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். அது பொய்யில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பூவில் 20 சதவீதம் டிஹெச்சி, சிபிடி கிட்டத்தட்ட இல்லை. இன்னொன்றில் இரண்டும் 6 சதவீதம். இரண்டிலும் 100 மில்லிகிராம் எடுத்தால், முதலாவதில் 20 மில்லிகிராம் டிஹெச்சி, இரண்டாவதில் 6. நுரையீரலுக்குப் போய்ச் சேர்வது அதில் ஒரு பங்குதான், ஆனாலும் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம் அப்படியே நிற்கும். சமநிலை ரகம் பதற்றம் தராமல் இருப்பதற்குப் பெரிய காரணம் சிபிடி வந்து காப்பாற்றியதல்ல, டிஹெச்சி குறைவாக இருந்தது. அமெரிக்காவில் பறிமுதல் செய்யப்பட்ட கஞ்சாவில் சராசரி டிஹெச்சி 1995-இல் 4 சதவீதம், 2014-இல் 12 சதவீதம். சிபிடிக்கும் டிஹெச்சிக்கும் இருந்த விகிதம் அதே காலத்தில் 1-க்கு 14 என்பதில் இருந்து 1-க்கு 80 ஆனது. "அந்தக் காலத்தில் இப்படிப் பயம் வராதே" என்று பெரியவர்கள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது.

அதனால் பொட்டலத்தில் விகிதத்தைப் பார்ப்பதற்கு முன்னால் டிஹெச்சி எத்தனை மில்லிகிராம் என்று பார்க்க வேண்டும். 1-க்கு 1 என்று எழுதியிருந்தாலும் அதில் 25 மில்லிகிராம் டிஹெச்சி இருந்தால் புதியவருக்கு அது அதிகம். சாப்பிடும் வகை வேலை செய்ய அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஆகும். முக்கால் மணியில் இரண்டாவது பிஸ்கட் எடுத்ததுதான் அன்றைய தவறு. கொஞ்ச நாள் நிறுத்திவிட்டுத் திரும்ப வருபவர்களும் கவனிக்க வேண்டும், பழைய அளவு இப்போது தாங்காது, இடைவெளியில் ஏற்பிகள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும்.

பயம் வந்துவிட்டால் மேற்கொண்டு எதுவும் எடுக்க வேண்டாம், மதுவும் வேண்டாம், வண்டி ஓட்டக் கூடாது. நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருந்து, சத்தமும் வெளிச்சமும் குறைத்து, "இது மருந்தின் வேலை, சில மணி நேரத்தில் இறங்கிவிடும்" என்று அமைதியாகச் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். புகைத்திருந்தால் இரண்டு மூன்று மணி நேரம், சாப்பிட்டிருந்தால் எட்டு மணி நேரம்கூட ஆகலாம். நெஞ்சுவலி, மயக்கம், தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் பேச்சு இருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு நாள் கழிந்தும் சந்தேகம் போகவில்லை, தப்பான எண்ணம் என்று அவருக்கே தோன்றவில்லை என்றாலும் அப்படித்தான்.

நம் இளைஞருக்கு மறுநாள் மதியமே தெளிந்துவிட்டது, "எவ்வளவு முட்டாள்தனமாக நினைத்தேன்" என்று அவரே சொன்னார், அது நல்ல அறிகுறி. இனி எந்த விகிதம் எடுக்கலாம் என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்கு முன்னால் குடும்பத்தைப் பற்றி விசாரித்தேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, சித்தப்பா ஒருவர் இருபது வயதிலிருந்தே மனச்சிதைவுக்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்றார். ரத்த உறவில் மனச்சிதைவு இருப்பவருக்கு டிஹெச்சி கொண்டுவரும் ஆபத்து ஒரு ராத்திரிப் பயத்தோடு முடிவதல்ல. உங்களுக்கு நான் எந்த விகிதத்தையும் சொல்லமாட்டேன், விட்டுவிடுங்கள் என்றேன். சித்தப்பாவுக்கு முதலில் எப்படி ஆரம்பித்தது தெரியுமா என்று கேட்டேன். தெரியாது, அப்பாவிடம் கேட்கிறேன் என்று எழுந்தார்.