ஏழாண்டு மௌனமும் இறப்பின் தேதியும்

பெரியோர்களே, சட்டம் பயிலும் இளம் நண்பர்களே,

நீதிமன்றத்தில் ஒன்றை நிறுவ வேண்டுமானால் சாட்சியைக் கூண்டில் ஏற்ற வேண்டும், அல்லது ஆவணத்தைத் தாக்கல் செய்து சான்றாவணமாகக் குறியிடச் செய்ய வேண்டும். இதுதான் பொது விதி. சாட்சியும் ஆவணமும் இல்லாமலே ஒரு செய்தியை நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளும் வழிகளும் உண்டு. உலகறிந்ததை நீதிபதி தாமே கவனத்தில் எடுத்துக்கொள்வது ஒன்று. அதை நீதிமுறைக் கவனம் என்கிறோம். மெய்ப்பிக்கப்பட்ட ஒன்றிலிருந்து மெய்ப்பிக்கப்படாத இன்னொன்றுக்குச் செல்வது மற்றொன்று. அதற்கு அனுமானம் என்று பெயர். இவற்றைத் தலைப்பு தலைப்பாக விளக்குவதைவிட, கடலில் காணாமல் போன ஒருவரின் வழக்கை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வழியும் எதுவரை செல்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று பார்ப்பது பயனுடையது என எண்ணுகிறேன்.

நான் சொல்லப்போகும் வழக்கு கற்பனை; அதில் வரும் புயல் உண்மை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக் கடலில் உருவாகி, லட்சத்தீவு வழியாக அரபிக் கடலுக்குள் சென்றது. அதற்குச் சில நாள் முன்பு குளச்சலிலிருந்து ஏழு பேருடன் ஒரு விசைப்படகு ஆழ்கடலுக்குப் போயிருந்தது என்று வைத்துக்கொள்வோம். அதில் சென்ற ஒருவர் 2016 ஜனவரியில் ஐந்து லட்சம் ரூபாய்க்குக் காப்பீடு எடுத்திருந்தார். இடையில் தவணை தவறினால் எதுவும் திரும்பக் கிடைக்காத வகைக் காப்பீடு அது. அடுத்த ஆண்டுத் தவணை 2018 ஜனவரி 10 அன்று கட்ட வேண்டியது. சலுகைக் காலம் முப்பது நாள். வீட்டில் சம்பாதிப்பவர் வராத நிலையில் தவணையை யார் கட்டுவார்கள்? கட்டவில்லை. ஏழு ஆண்டு காத்திருந்த மனைவி 2025 ஜனவரியில் காப்பீட்டுத் தொகையைக் கேட்கிறார். நிறுவனம் மறுக்கிறது. அவர் மார்ச் மாதம் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கிறார்.

2024 ஜூலை 1 முதல் 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதிநியம் நடைமுறையில் இருப்பதால், இந்த வழக்குக்குப் புதிய சட்டமே பொருந்தும். நாம் பேசும் பிரிவுகளில் எண்கள்தான் மாறியிருக்கின்றன. சொற்கள் பெரும்பாலும் பழையவையே. பழைய 56, 57 இப்போது 51, 52. பழைய 107, 108 இப்போது 110, 111. பழைய 114 இப்போது 119.

முதலில் புயலை எடுத்துக்கொள்வோம். 52ஆம் பிரிவு, நீதிமன்றம் கட்டாயம் கவனத்தில் கொள்ள வேண்டியவை எனச் சட்டங்கள், நீதிமன்ற முத்திரைகள், காலப் பகுப்பு, உலகின் புவியியல் பகுப்பு, அரசிதழில் அறிவிக்கப்பட்ட விடுமுறைகள், சாலையிலும் கடலிலும் பின்பற்ற வேண்டிய பயண விதிகள் போன்றவற்றை வரிசைப்படுத்துகிறது. குளச்சலுக்கு அப்பால் அரபிக் கடல் இருக்கிறது என்பதற்குச் சாட்சி தேவையில்லை. அந்தப் பட்டியலில் புயல் இல்லை. ஆனால் பட்டியல் முழுமையானதன்று என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தம் தொடர்பான அந்த வழக்கில், நாட்டையே உலுக்கிய நிகழ்ச்சிகளுக்கு முறையான சான்று கேட்க வேண்டியதில்லை என்று நீதிமன்றம் கூறியது. அந்த அளவுகோலின்படி, 2017 நவம்பர் இறுதியில் குமரிக் கடலில் ஒக்கிப் புயல் வீசியது என்பதை நாகர்கோவில் நீதிபதி சாட்சியின்றி ஏற்கலாம்.

இங்கேதான் இளம் வழக்கறிஞர்கள் பலர் தவறுவதைப் பார்த்திருக்கிறேன். புயல் வீசியது என்பது உலகறிந்தது. இந்தப் படகு அந்தப் புயலுக்குள் இருந்தது என்பது உலகறிந்ததன்று. முதலாவதை நீதிபதி ஏற்றுக்கொண்டதும் இரண்டாவதும் தானாகவே நிறுவப்பட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டு, படகைப் பற்றி ஒரு சாட்சியைக்கூட விசாரிக்காமல் விட்டுவிடுகிறார்கள். மறுநாள் நாளிதழில் காணாமல் போன படகுகளின் பட்டியல் வந்திருக்கலாம். அதில் இந்தப் படகின் பெயரும் இருக்கலாம். அந்தச் செய்தி செவிவழிச் செய்தி மட்டுமே. நாளிதழில் வந்த செய்தியை நீதிமுறைக் கவனத்தில் எடுத்து, அதன் உள்ளடக்கத்தை உண்மை என்று கொள்ள முடியாது என்று 1988இல், தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு கொலை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த நீதிபதி குளச்சல்காரராகவே இருந்து, அந்தப் படகு போனதைத் தம் கண்ணால் பார்த்திருந்தாலும், அதைத் தீர்ப்பில் பயன்படுத்த முடியாது. அது அவருடைய சொந்த அறிவு. அதைக் குறுக்கு விசாரணை செய்ய எதிர்த் தரப்புக்கு வழியே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒன்றைக் கவனத்தில் கொள்ளும்படி நீதிமன்றத்தைக் கேட்பவர், அதற்குரிய நூலையோ ஆவணத்தையோ காட்டும்வரை நீதிமன்றம் மறுக்கலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. ஆகவே புயல் எந்த நாளில் எந்தக் கடற்பகுதியில் இருந்தது என்பதற்கு இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். புயல் வந்தது எல்லோருக்கும் தெரியும். அது டிசம்பர் 1 அன்று எங்கே இருந்தது என்பது எல்லோருக்கும் நினைவிருக்காது.

அடுத்து இறப்பு. ஒருவர் முப்பது ஆண்டுகளுக்குள் உயிருடன் இருந்தார் என்று காட்டப்பட்டால், அவர் இறந்துவிட்டார் என்று சொல்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்பது 110ஆம் பிரிவு. அவர் உயிருடன் இருந்தால் இயல்பாக அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கக் கூடியவர்கள் ஏழு ஆண்டுகளாக எதுவும் கேள்விப்படவில்லை என்று மெய்ப்பிக்கப்பட்டால், அவர் உயிருடன் இருக்கிறார் என்று சொல்பவர்மீது அந்தப் பொறுப்பு மாறிவிடும் என்பது 111ஆம் பிரிவு. இந்த ஏழு ஆண்டுக் கணக்கும் கடலிலிருந்து வந்ததுதான். இங்கிலாந்தின் 1604ஆம் ஆண்டு இருதார மணச் சட்டமும், 1666இல் வாழ்நாள் குத்தகை தொடர்பாக வந்த சட்டமும் கடல் கடந்து போய் ஏழு ஆண்டு திரும்பாதவர்களைக் கருத்தில் கொண்டே இயற்றப்பட்டன. அங்கிருந்து பொதுச் சட்டத்துக்குள் புகுந்து, 1872இல் இங்கே வந்து சேர்ந்தது.

இது சட்ட அனுமானம். அடிப்படை மெய்ப்பிக்கப்பட்டால், அதை ஏற்பதா வேண்டாமா என்று நீதிபதி யோசிக்க இடமில்லை; எதிர்ச் சான்று வரும்வரை ஏற்றே ஆக வேண்டும். அடிப்படையை மட்டும் முறையான சாட்சியத்தால்தான் நிறுவ வேண்டும். யார் கேள்விப்பட்டிருக்கக் கூடியவர்? மனைவி, தாய், உடன்பிறந்தார், கூடவே தொழில் செய்தவர்கள். இவர்களை விட்டுவிட்டு ஊர்ப் பெரியவர் ஒருவரை மட்டும் விசாரித்தால் அடிப்படை வலுவிழந்துவிடும். 2019இல் குஜராத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது என்று தாய் குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டால் கணக்கு அங்கிருந்து புதிதாகத் தொடங்கும். கடனுக்கு அஞ்சி ஊரைவிட்டுப் போனவராக இருந்தால், உயிருடன் இருந்தாலும் வீட்டுக்குச் செய்தி அனுப்பியிருக்க மாட்டார் என்ற கேள்வி எழும். நம் வழக்கில் அந்த இடையூறுகள் இல்லை. கடைசியாகக் கேட்ட குரல் 2017 நவம்பர் 30 அன்று வயர்லெஸ்ஸில் பக்கத்துப் படகுக்கு வந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஏழு ஆண்டு நிறைகிறது. ஆறு ஆண்டும் 364 நாளும் ஆனாலும்கூட இந்த அனுமானம் எழாது என்று 2004இல் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் கூறியது.

ஆகவே நம் வழக்கில் அவர் இறந்துவிட்டார் என்பது நிறுவப்பட்டுவிட்டது. ஆனால் வாதிக்கு அது போதாது. எப்போது இறந்தார்?

அதே 2004 தீர்ப்பின் மையம் இந்தக் கேள்விதான். அந்த வழக்கிலும் காணாமல் போனவருக்குக் காப்பீடு இருந்தது, தவணைகள் கட்டப்படவில்லை. ஏழு ஆண்டு முடிவில் எழும் அனுமானம் இறப்பைப் பற்றியது மட்டுமே, இறந்த நாளைப் பற்றியதன்று என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. காணாமல் போன அன்றே இறந்தார் என்றும் கொள்ள முடியாது. ஏழாம் ஆண்டின் கடைசி நாளில் இறந்தார் என்றும் கொள்ள முடியாது. ஒருவர் உயிருடன் இருக்கிறாரா இல்லையா என்ற கேள்வி நீதிமன்றத்திலோ அதிகாரியிடமோ எழும் காலத்தில்தான் அனுமானமும் எழுகிறது. குறிப்பிட்ட நாளில் இறந்தார் என்று சொல்பவர் அதைத் தனியே மெய்ப்பிக்க வேண்டும். இதே நிலைப்பாட்டை லண்டன் பிரிவி கவுன்சில் 1926இலேயே எடுத்திருந்தது. விளைவை நம் வழக்கில் பொருத்திப் பாருங்கள். 2025இல் இறந்தவராகக் கொள்ளப்பட்டால், 2018 பிப்ரவரியிலேயே காப்பீடு காலாவதியாகிவிட்டது; மனைவிக்கு ஒரு ரூபாயும் வராது. ஏழு ஆண்டு பொறுமையாகக் காத்திருந்த ஒரு பெண், காத்திருந்ததாலேயே வென்றுவிடுவார் என்று அவரிடம் சொல்லியிருந்தால் அது மிகக் கொடிய தவறான அறிவுரை. இந்த இடத்தை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அப்படிச் சொல்லக் கேட்டு வந்த குடும்பங்களை நான் சந்தித்திருக்கிறேன் என்பதுதான்.

இங்கே கைகொடுப்பது 119ஆம் பிரிவு. இயற்கை நிகழ்வுகளின் வழக்கமான போக்கையும் மனித நடத்தையையும் கருதி, நடந்திருக்கக் கூடும் என்று தோன்றுவதை நீதிமன்றம் அனுமானிக்கலாம். இது பொருண்மை அனுமானம். சட்ட அனுமானத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ‘வேண்டும்’ என்பதற்கும் ‘லாம்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு. நீதிபதியை எதுவும் கட்டாயப்படுத்தாது, அவரை இணங்கவைக்க வேண்டும். ஆனால் இதற்கு ஏழு ஆண்டு தேவையில்லை. 111ஆம் பிரிவு ஏழு ஆண்டுக்கு முன் இறப்பை மெய்ப்பிக்கக் கூடாது என்று எங்கும் தடை போடவில்லை. சூழ்நிலைச் சான்று இருந்தால் ஏழு மாதத்திலும் மெய்ப்பிக்கலாம்.

அதற்கு என்ன வேண்டும்? நவம்பர் 30 மாலை, எஞ்சின் நின்றுவிட்டது, தண்ணீர் ஏறுகிறது என்று வயர்லெஸ்ஸில் கேட்ட பக்கத்துப் படகு ஓட்டுநரின் நேர்சாட்சியம். அப்போது இரண்டு படகுகளும் இருந்த இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் பதிவு. அந்த இடத்தை வானிலைத் துறை அறிக்கையில் உள்ள புயலின் பாதையோடு பொருத்திக் காட்டுதல். பதிவு எண் தெரியும்படி மீட்கப்பட்ட படகின் பலகையும், அதை மீட்டவரின் சாட்சியமும். உடன் சென்ற ஒருவரின் உடல் அடையாளம் காணப்பட்டிருந்தால் அந்தப் பிணக்கூறாய்வு அறிக்கை. கூடவே, ஏழு பேரில் ஒருவரும் எந்தக் கரையிலும் ஏறவில்லை என்ற செய்தி. உலகறிந்த புயலை நீதிமுறைக் கவனம் தருகிறது. படகை அதற்குள் வைப்பவை இந்தச் சாட்சியங்கள். அந்த நிலையில் நடுக்கடலில் மூழ்கும் படகில் இருந்த மனிதர் அடுத்த சில நாட்களுக்குமேல் பிழைத்திருக்க மாட்டார் என்ற முடிவுக்கு நீதிபதி 119 வழியாக வருகிறார். அந்தச் சில நாட்கள் 2018 பிப்ரவரி 9க்கு வெகு முன்னதாகவே முடிந்துவிடுகின்றன. நமக்குத் துல்லியமான நாள் தேவையில்லை. சலுகைக் காலம் முடிவதற்கு முன் இறந்தார் என்பது போதும்.

பேரிடர்களில் அரசே சில நேரங்களில் இந்த வழியை எளிதாக்குகிறது. 2021 பிப்ரவரியில் உத்தரகாண்டின் சமோலி வெள்ளத்திலும், 2024 ஜூலை வயநாடு நிலச்சரிவிலும் காணாமல் போனவர்களை ஏழு ஆண்டு காத்திராமல் இறந்தவர்களாகப் பதிவு செய்யத் தனி நடைமுறை வகுக்கப்பட்டது. அத்தகைய சான்றிதழ் கிடைத்தால் நல்லது. கிடைக்காத குடும்பத்துக்கு நான் விவரித்த பாதைதான்.

வழக்குரையில் கேட்கும் பரிகாரத்தை எப்படி எழுதுவது என்று ஓர் இளைஞர் பேசத் தொடங்குமுன் என்னிடம் கேட்டார். ‘இன்னார் இறந்துவிட்டதாக விளம்புகை செய்ய வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் தேதி இல்லாத தீர்ப்பாணையே கிடைக்கும். ‘2017 நவம்பர் 30 அன்றோ அதையொட்டியோ இறந்தார்’ என்று முதலில் கேளுங்கள். ஏழு ஆண்டு அனுமானத்தின்படி இறந்தவராகக் கொள்ள வேண்டும் என்பதை மாற்றுப் பரிகாரமாக அடுத்துக் கேளுங்கள். பக்கத்துப் படகு ஓட்டுநருக்கு 2025இல் எவ்வளவு நினைவிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே இப்படி ஒரு குடும்பம் முதல் மாதத்திலேயே உங்களிடம் வந்தால், காவல் நிலையத்தில் பதியும் காணாமல் போனோர் வழக்கில், அந்த வயர்லெஸ் உரையாடலின் நேரத்தையும் இடத்தையும் ஓட்டுநரின் வாக்குமூலமாக அன்றே பதிவு செய்யச் சொல்லுங்கள். அந்த வாக்குமூலம் தானாகச் சான்றாகிவிடாது. கூண்டில் ஏறும் நாளில் அவருடைய நினைவைத் தூண்டவும், அவர் சொல்வதை உறுதிப்படுத்தவும் அது உதவும்.