பணம் போட்டவருக்கு என்ன சொந்தம்?

அனைவருக்கும் வணக்கம்.

2012 ஆகஸ்டில் ஆக்குலஸ் என்ற சின்ன நிறுவனம் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பொதுமக்களிடம் பணம் கேட்டது. தலையில் மாட்டிக்கொண்டால் வேறோர் உலகத்துக்குள் நிற்பதுபோலத் தோன்றச் செய்யும் கருவி ஒன்றைத் தயாரிக்க அவர்களுக்கு 2,50,000 டாலர் வேண்டியிருந்தது. முதல் நாளிலேயே அது சேர்ந்துவிட்டது. கெடு முடிந்தபோது சுமார் 9,500 பேர் 24 லட்சம் டாலர் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். சராசரியாக ஆளுக்கு 250 டாலர்.

அந்தத் தளத்தில் ஒரு விதி உண்டு. கேட்ட தொகை கெடுவுக்குள் சேர்ந்தால்தான் பணம் எடுக்கப்படும். கொஞ்சம் குறைந்தாலும் யாருடைய கார்டிலிருந்தும் காசு போகாது. இதை நான் மிக நல்ல விதி என்பேன். இரண்டரை லட்சம் தேவைப்படும் வேலைக்கு ஒரு லட்சம்தான் கிடைத்தது என்றால், அந்தப் பொருள் உருவாகப் போவதில்லை. கொடுத்தவர்களின் பணம் மட்டும் கரைந்துபோகும். மற்றவர்களும் சேர்ந்தால்தான் என் பணம் போகும் என்ற உறுதி இருப்பதால், முகம் தெரியாதவரை நம்பி முதல் ஆளாக முன்வரத் தயக்கம் இருக்காது.

சரி, கொடுத்தவர்களுக்கு என்ன கிடைத்தது? 300 டாலர் போட்டவருக்கு, மென்பொருள் எழுதுபவர்களுக்கென்று செய்த ஆரம்பநிலைக் கருவி ஒன்று. 2013-இல் அது அனுப்பப்பட்டது. சொன்ன வாக்கைக் காப்பாற்றினார்கள்.

2014 மார்ச்சில் ஃபேஸ்புக் அந்த நிறுவனத்தை 200 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. பணம் போட்டிருந்தவர்களில் பலர் கொதித்துப்போனார்கள். 'எங்கள் காசில் வளர்ந்த நிறுவனம் இது, எங்களுக்கு ஒன்றுமே இல்லையா?' என்று கேட்டார்கள். அந்த மனக்குறை எனக்குப் புரிகிறது. ஆனால் அவர்கள் செய்தது முன்பணம் கட்டிப் பொருள் வாங்கியதற்கு நிகரான ஏற்பாடு. நிறுவனத்தில் ஒரு பங்குகூட அவர்கள் பெயரில் இல்லை. 2016-இல், அந்தக் கருவிக்குப் பணம் கட்டியிருந்தவர்களுக்குப் புதிய கருவி ஒன்றை இலவசமாகத் தருவதாக நிறுவனம் அறிவித்தது. அது அவர்களாக விரும்பிக் கொடுத்த அன்பளிப்பு. கேட்டு வாங்கும் உரிமை யாருக்கும் இருக்கவில்லை.

'அப்போதே பங்கு கொடுத்திருக்கலாமே?' என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்கச் சட்டம் அன்று அதற்கு இடம் தரவில்லை. சாதாரண மக்களிடம் இணையம் வழியாகச் சிறு தொகைக்குப் பங்கு விற்க வழிசெய்யும் சட்டம் அதே 2012-இல் கையெழுத்தாகியிருந்தது. ஆனால் அதற்கான விதிகள் நடைமுறைக்கு வந்தது 2016 மே மாதத்தில்தான்.

இப்போது வழி இருக்கிறது. அப்படியானால் பங்கு வாங்கிவிட்டால் கவலை இல்லையா? இங்கேதான் நீங்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் ப்ரூடாக் என்ற பீர் நிறுவனம் 2009 முதல் தன் வாடிக்கையாளர்களுக்கே பங்கு விற்று வளர்ந்தது. பல்லாயிரம் பேர் பங்குதாரர் ஆனார்கள். 2017-இல் டிபிஜி என்ற பெரிய முதலீட்டு நிறுவனம் உள்ளே வந்தது. அதற்குக் கிடைத்தவை முன்னுரிமைப் பங்குகள். நிறுவனம் விற்கப்படும்போது, தான் போட்ட பணத்தை ஆண்டுக்கு 18 சதவீதக் கூட்டு வளர்ச்சியோடு டிபிஜி முதலில் எடுத்துக்கொள்ளும் என்பது அன்றைய ஏற்பாடு. மிச்சம் இருந்தால்தான் சிறு பங்குதாரர்களின் முறை வரும்.

18 சதவீதம் என்றால் எவ்வளவு என்று போட்டுப் பார்ப்போம். 100 ரூபாய் 4 ஆண்டில் ஏறக்குறைய 194 ஆகும், 8 ஆண்டில் 376. கற்பனைக்கு ஒரு நிறுவனத்தில் இப்படி 100 கோடி முன்னுரிமைப் பணம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 ஆண்டு கழித்து அது 400 கோடிக்கு விலை போகிறது. முதல் 376 கோடி முன்னால் நிற்பவருக்கு. மீதி 24 கோடியைத்தான் மற்ற எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அதே நிறுவனம் 350 கோடிக்குப் போனால், உங்கள் பங்குப் பத்திரத்துக்கு ஒரு காசும் வராது. நிறுவனம் நட்டத்தில் மூழ்கவில்லை, நல்ல விலைக்கே போயிருக்கிறது. இருந்தும் உங்கள் கை காலி.

ஆகவே பங்கு என்று யாராவது சொன்னால், எத்தனை சதவீதம் என்ற கேள்வியோடு நிறுத்திவிடாதீர்கள். பங்கு விற்கும்போது நிறுவனம் தரும் வெளியீட்டு ஆவணத்தில் பங்குகளின் வகைகளைச் சொல்லும் பகுதியைத் தேடிப் படியுங்கள். உங்களுக்கு விற்கப்படுவது எந்த வகை, அதற்கு முன்னால் எந்த வகை நிற்கிறது, நாளை புதிதாக ஒரு முன்னுரிமை வகையைக் கொண்டுவர உங்கள் சம்மதம் வேண்டுமா என்று பாருங்கள். எப்போது விற்கலாம் என்பதையும் பாருங்கள்: நான் சொன்ன அந்த அமெரிக்க விதிகளின்படி, சில விலக்குகள் தவிர, முதல் ஓராண்டுக்கு நீங்கள் பங்கைக் கைமாற்ற முடியாது. அதன் பிறகும் வாங்க ஆள் கிடைக்க வேண்டுமே.